கிளாம்பாக்கம் 394 கோடி: லாபமா நஷ்டமா, யாராவது கணக்குப் போட்டீர்களா?

வண்டலூர்வாசி | 2024 பிப்ரவரி 18, இரவு 10.40

தென்மாவட்டப் பஸ்கள் கோயம்பேட்டை விட்டு வந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்து (டிசம்பர் 30) ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. ஆபீஸில் பாதிப் பேர் திட்டுகிறார்கள், எனக்கோ இது வரப்பிரசாதம். திருச்சி போக இங்கிருந்து கோயம்பேடு வரை போய்ப் பஸ் ஏறுவேன், ஒன்றரை மணி நேரம் கழித்து அதே பஸ் என் தெருமுனையைத் தாண்டிப் போகும். அந்த அபத்தம் ஒழிந்தது. கட்டியது சுமார் 394 கோடி, இடம் 88 ஏக்கர், அதுவும் அரசு நிலம் என்பதால் நிலச் செலவே இல்லை. என் ஒருவனுக்கே மாதம் நாலு மணி நேரம் மிச்சம் என்றால், ஊருக்கு எவ்வளவு மிச்சம்? யாராவது ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறீர்களா, இல்லை எல்லாம் வாய்ச்சண்டைதானா?

பெரம்பூர்க்காரன் | 2024 பிப்ரவரி 18, இரவு 11.15

உங்களுக்கு மிச்சமான நாலு மணி நேரம் எங்கே போச்சு தெரியுமா? என் தலையில் விழுந்தது. வடசென்னையிலிருந்து மூட்டை முடிச்சோடு கிளாம்பாக்கம் வந்து பாருங்கள் சார், அப்புறம் வரப்பிரசாதம் என்று எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை | 2024 பிப்ரவரி 19, காலை 7.05

இரண்டு பேர் சொல்வதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். 394 கோடி தவிர எல்லா எண்ணும் என் ஊகம், பிடிக்காவிட்டால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்குத் தென்மாவட்டப் பயணிகள், வருவோர் போவோர் சேர்த்து, 60,000 பேர் என்று வையுங்கள். அதில் 20,000 பேர் தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கம். அவர்களுக்கு ஆளுக்கு 40 நிமிடம் மிச்சம். மீதி 40,000 பேர் நகரத்துக்குள்ளும் வடக்கேயும். அவர்களுக்கு வண்டி மாறுவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 25 நிமிடம் கூடுதல். ஒரு பக்கம் 13,300 மணி நேரம் மிச்சம், இன்னொரு பக்கம் 16,700 மணி நேரம் நஷ்டம். கழித்தால் தினமும் 3,300 மணி நேரம் நஷ்டம். மணிக்கு 60 ரூபாய் என்று மதிப்புப் போட்டால் நாளைக்கு 2 லட்சம், வருஷத்துக்கு 7 கோடிச் சொச்சம்.

அதாவது பயணிகளை மட்டும் பார்த்தால் இது லாபமே இல்லை. லாபம் வந்தால் பஸ்ஸே ஏறாத ஆட்களிடமிருந்துதான் வர வேண்டும்: பெரிய பஸ்கள் உள்ளே வராததால் நூறடி ரோட்டிலும் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் நெரிசல் குறைந்து, ஸ்கூட்டரிலும் மாநகரப் பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு மிச்சமாகும் நேரம். அது எவ்வளவு என்பதுதான் நிஜமான கேள்வி, அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பழைய ஓவர்சியர் | 2024 பிப்ரவரி 19, காலை 9.30

தம்பி கணக்கில் ஒரு ஓட்டை. தாம்பரத்துக்காரன் எவனும் கோயம்பேடு போய்ப் பஸ் ஏறியதில்லை. எல்லாரும் பெருங்களத்தூரில் நின்று கையைக் காட்டி ஏறினவர்கள்தான். வண்டலூர்வாசி ரிசர்வேஷன் சீட்டுக்காகக் கோயம்பேடு போயிருப்பார், அது அவர் சௌகரியம். 40 நிமிட மிச்சம் என்பது ரொம்ப அதிகம்.

ஆனால் அதிலேயே ஒரு லாபமும் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி பெருங்களத்தூரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரோட்டில் பாதியை ஜனம் அடைத்துக்கொண்டு நிற்கும், பஸ் நடு ரோட்டில் நிற்கும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஆபத்துக்கும் நெரிசலுக்கும் என்ன விலை போடுவீர்கள்?

வண்டலூர்வாசி | 2024 பிப்ரவரி 19, காலை 9.52

மாட்டிக்கொண்டேன். ஆமாம், ஜன்னல் சீட்டுக்காகத்தான் போனேன்.

கணக்குப்பிள்ளை | 2024 பிப்ரவரி 19, இரவு 9.20

ஓவர்சியர் சார் சொன்னது சரி, கணக்கைத் திருத்துகிறேன். தெற்குப் பயணிகளுக்கு 40 இல்லை, 15 நிமிடம் என்று வைத்தால் மிச்சம் 5,000 மணி நேரம்தான். நிகர நஷ்டம் 3,300-லிருந்து தினமும் 11,700 மணி நேரமாகத் தாவுகிறது. வருஷத்துக்கு 25 கோடிக்கு மேல். 'இந்தத் திட்டம் இல்லாவிட்டால் ஜனங்கள் என்ன செய்திருப்பார்கள்' என்ற ஒரே ஒரு ஊகம் மாறியதற்கு இவ்வளவு வித்தியாசம்.

திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் தப்பு நடக்கும் இடம் இதுதான். கூட்டல் கழித்தல் சரியாக இருக்கும், ஒப்பிடும் மறுபக்கம் பொய்யாக இருக்கும்.

சீட்டுக்கட்டு | 2024 பிப்ரவரி 20, பிற்பகல் 1.10

வருஷத்துக்கு 25 கோடி நஷ்டம், 30 வருஷத்துக்கு 750 கோடி, அதோடு கட்டிய 394 கோடி. மொத்தம் 1,144 கோடி தண்டம். முடிந்தது கதை.

கணக்குப்பிள்ளை | 2024 பிப்ரவரி 20, இரவு 10.00

அப்படிக் கூட்ட முடியாது. உங்கள் பெயரே சீட்டுக்கட்டு, அதனால் சீட்டிலேயே சொல்கிறேன் (அது வேற சீட்டு என்று சண்டைக்கு வராதீர்கள்). ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் இரண்டாவது மாசமே பணம் வேண்டுமென்று ஒருவர் 30,000 தள்ளி 70,000-க்கு எடுக்கிறார். கடைசி மாசம் வரை காத்திருப்பவர் கிட்டத்தட்ட முழுசாக வாங்குகிறார். முன்னால் எடுத்தவர் ஏமாளி இல்லை. அவருக்கு இன்றைக்குக் கிடைக்கும் 70,000, பின்னால் வரும் லட்சத்துக்குச் சமம். பொதுத் திட்டத்திலும் 2050-இல் மிச்சமாகும் நேரத்தை அப்படித் தள்ளித்தான் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். எத்தனை சதவீதம் தள்ளுவது, அதாவது கழிவு வீதம் எவ்வளவு என்பதில்தான் சண்டை.

நம் ஊர் சாலைத் திட்டங்களில் 12 சதவீதம் என்பது நெடுங்கால வழக்கம். ஆசிய வளர்ச்சி வங்கியும் 12-தான் வைத்திருந்தது, 2017 வாக்கில் 9-க்கு இறக்கியது. பிரிட்டிஷ் அரசு 3.5. 30 வருஷம் கழித்து வரும் 100 ரூபாய் இன்றைக்கு எவ்வளவு என்று பாருங்கள்:

```
100 / (1.12)^30  = 3.34
100 / (1.09)^30  = 7.54
100 / (1.035)^30 = 35.63
```

இதையே திருப்பிப் போட்டு, 394 கோடியை 30 வருஷத்துக்குச் சமமான தவணையாகப் பிரித்தால், 12 சதவீதத்தில் வருஷத்துக்கு 49 கோடி, 9-இல் 38 கோடி, 3.5-இல் 21 கோடி. கட்டடம் ஒன்றுதான், சதவீதம் மாறினால் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

12-ஐயே வைத்துக்கொள்வோம். தவணை 49, பயணிகள் நேர நஷ்டம் 25.5, மொத்தம் 74.5 கோடி. பராமரிப்பை விட்டுவிட்டேன். இதை ஈடுகட்ட ரோட்டில் போகிற மற்றவர்களுக்குத் தினமும் 34,000 மணி நேரம் மிச்சமாக வேண்டும். அதாவது 4 லட்சம் பேருக்கு ஆளுக்கு 5 நிமிடம். இந்த வடிவத்தில் வைத்தால் யார் வேண்டுமானாலும் வாதாடலாம்: தாம்பரத்திலிருந்து கோயம்பேடு வரை 4 லட்சம் பேருக்கு 5 நிமிடம் குறைந்திருக்கிறதா, இல்லையா?

பெரம்பூர்க்காரன் | 2024 பிப்ரவரி 20, இரவு 10.31

குறையவில்லை. முன்பு 40 பேரை ஒரே பஸ் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் வரை, சுமார் 30 கிலோமீட்டர், கொண்டுவந்தது. இப்போது அந்த 40 பேரும் பறந்தா போகிறார்கள்? பாதி மாநகரப் பஸ், கொஞ்சம் ரயில், மீதி ஆட்டோவும் கால் டாக்சியும். ஒரு பஸ்ஸை எடுத்துவிட்டு அஞ்சு டாக்சியை விட்டால் நெரிசல் குறையுமா கூடுமா?

மானாமதுரை அக்கா | 2024 பிப்ரவரி 21, காலை 6.48

எங்கள் ஊரிலும் இப்படித்தான். ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டினார்கள், நல்லதுதான், ஆனால் கேட் மூடியிருக்கும்போது வண்டிக்காரர்கள் டீ குடித்த எங்கள் மாமா கடை ஆறே மாசத்தில் படுத்துவிட்டது. நஷ்ட ஈடு ஒரு பைசா கிடையாது, ஏனென்றால் கடை இடம் ஒரு அடிகூட எடுக்கப்படவில்லை. இதைக் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்?

கணக்குப்பிள்ளை | 2024 பிப்ரவரி 21, இரவு 8.15

அக்கா, பாலத்தின் கதை வேறு, ஆனாலும் கேள்வி நியாயமானது. கேட்பதற்குக் கசப்பாக இருக்கும் பதில்: மொத்தக் கணக்கில் எங்கேயும் எழுத மாட்டார்கள். மாமா கடையில் குடித்த டீயை வேறொரு கடையில் குடிக்கிறார்கள், அங்கே வியாபாரம் கூடியது, ஆக ஊருக்கு நஷ்டமில்லை, கை மாறியது என்பார்கள். அது பாதிதான் உண்மை. மாமா அடுத்த வேலை தேடிய மாசங்கள், போட்ட பாய்லர், மேசை, அட்வான்ஸ், அதெல்லாம் யார் கைக்கும் போகவில்லை, அப்படியே அழிந்தது. அது நிஜச் செலவு.

வண்டலூர் பக்கம் மனை விலை ஏறியதைப் பெரிய லாபமாக எழுதுகிறவர்களுக்கும் இதே பதில். மனை விலை ஏறியதே அங்கிருந்து போகிற நேரம் மிச்சமாவதால்தான். நேரத்தையும் எழுதி மனையையும் எழுதினால் ஒரே இட்லியை இரண்டு தட்டில் வைத்து எண்ணுகிற கதை.

சீட்டுக்கட்டு | 2024 பிப்ரவரி 21, இரவு 8.40

அப்போ பெரம்பூர்க்காரர் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசும் கை மாறுகிறதுதானே, அதுவும் செலவில்லை?

கணக்குப்பிள்ளை | 2024 பிப்ரவரி 21, இரவு 11.02

பாதி சரி. ஆட்டோ எரிக்கிற கேஸ், டயர் தேய்மானம், ஓட்டுகிறவரின் நேரம், இதெல்லாம் நிஜமாகவே செலவாகிறது. ராத்திரி 3 மணிக்கு 'வேற வண்டி இல்லை' என்று சேர்த்துக் கேட்கிற 200 ரூபாய்தான் கை மாறுவது. ஆனால் அதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. கொடுப்பவர் மாசம் 12,000 சம்பளக்காரர் என்றால் அந்த 200-ஐ 'வெறும் கைமாற்று' என்று தள்ள மனசு வரவில்லை.

பழைய ஓவர்சியர் | 2024 பிப்ரவரி 22, காலை 10.10

2002-இல் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்கு மாற்றியபோதும் இதே கூச்சல்தான். ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டான் என்றார்கள். இன்றைக்குக் கோயம்பேடு நடு ஊர், அதை விட்டுப் போகிறோமே என்று அழுகிறார்கள். இருபது வருஷம் பொறுத்தால் கிளாம்பாக்கமும் நடு ஊர்தான்.

இன்னொன்று. கோயம்பேட்டை அப்படியே விட்டிருந்தால் அது இன்று இருக்கிறபடியே இருக்குமா? வருஷா வருஷம் மோசமாகும். ஒப்பிடவேண்டியது 2024 கோயம்பேட்டோடு இல்லை, 2035 கோயம்பேட்டோடு.

கணக்குப்பிள்ளை | 2024 பிப்ரவரி 22, இரவு 9.45

இரண்டாவது பத்தியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், என் கணக்கு அதை விட்டுவிட்டது. என் 74.5 கோடி, நெரிசல் கூடாமல் நின்றுவிடும் என்ற ஊகத்தில் போட்டது.

முதல் பத்தியை நீங்களே உங்களுக்கு எதிராக எழுதியிருக்கிறீர்கள் சார். கோயம்பேடு 2002 நவம்பரில் திறந்தது. அதன் வாசலுக்கு மெட்ரோ வந்தது 2015 ஜூனில். நடுவே பன்னிரண்டரை வருஷம். கட்டடம் முந்தி, இணைப்பு பிந்தி. இங்கேயும் பேருந்து முனையம் திறந்துவிட்டது, பக்கத்தில் கிளாம்பாக்கம் ரயில் நிலையம் இன்னும் வேலையில் இருக்கிறது.

ரயில் நிலையமும் நடைமேம்பாலமும் வந்தால் வடக்குப் பயணிகளின் கூடுதல் 25 நிமிடம் 10 ஆகக் குறையும் என்று வையுங்கள். 40,000 பேருக்கு 15 நிமிடம், தினமும் 10,000 மணி நேரம், வருஷத்துக்கு 22 கோடி. அதாவது தாமதமாகும் ஒவ்வொரு வருஷமும் 22 கோடி ஜனங்கள் பையிலிருந்து போகிறது. எந்தப் பட்ஜெட்டிலும் அது வராது, ஏனென்றால் யாரும் அதற்குச் செக் எழுதுவதில்லை.

கழிவு வீதம் இங்கே இன்னும் கொடுமை செய்கிறது. 12 சதவீதத்தில் முதல் பத்து வருஷத்தில் நடப்பதுதான் மொத்த மதிப்பில் எழுபது சதவீதம். அந்தப் பத்து வருஷம் முழுக்க இணைப்பு இல்லாமல் ஓட்டிவிட்டு 'இருபது வருஷம் பொறுங்கள், நடு ஊராகிவிடும்' என்றால், பொறுத்த பிறகு வருகிற லாபத்துக்குக் காகிதத்தில் மதிப்பே கிடையாது.

பழைய ஓவர்சியர் | 2024 பிப்ரவரி 23, காலை 8.00

உங்கள் 12 சதவீதத்தை வைத்துப் பார்த்திருந்தால் இந்த நாட்டில் ஒரு அணையும் கட்டியிருக்க முடியாது தம்பி. கல்லணையை விடுங்கள், அதற்குக் கணக்கே தாங்காது.

கணக்குப்பிள்ளை | 2024 மார்ச் 3, இரவு 10.25

ஒரு வாரம் வேலை. திரும்பப் படித்தபோது முதல் பதிவிலேயே ஒரு தப்பை நாம் எல்லாரும் விட்டுவிட்டோம் என்று தெரிந்தது. 'அரசு நிலம், அதனால் நிலச் செலவே இல்லை.' செக் எழுதவில்லை, அவ்வளவுதான். அந்த 88 ஏக்கரில் வேறு என்ன செய்திருக்கலாம் என்பதுதான் அதன் விலை. ஏக்கர் 5 கோடி என்று ஊகமாக வைத்தால் 440 கோடி, கட்டடத்தை விட அதிகம். நிலம் தேயாது, 30 வருஷம் கழித்தும் இருக்கும், அதனால் முழு 440-ஐயும் செலவு என்று எழுதக் கூடாது. வருஷ வாடகை மாதிரி எழுத வேண்டும். 12 சதவீதத்தில் 53 கோடி. என் 74.5 இப்போது 127 ஆகிவிட்டது. 4 லட்சம் பேர் என்றது 7 லட்சம் பேர் ஆகிறது.

கோயம்பேட்டில் விடுபடும் இடத்தை லாபமாக எழுதலாமே என்றால், விடுபட்டால் எழுதலாம். வேலூர், பெங்களூர்ப் பக்கம் போகிற பஸ்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன.

வண்டலூர்வாசி | 2024 மார்ச் 4, காலை 7.30

நான் கேட்டது ஒரு ஆமாம் அல்லது இல்லை. இப்போது எண் வாரத்துக்கு ஒரு தடவை மாறுகிறது. மணிக்கு 60 ரூபாய் என்பதாவது எங்கிருந்து வந்தது?

கணக்குப்பிள்ளை | 2024 மார்ச் 4, இரவு 11.50

அதைக் கேட்காமல் விடுவீர்களோ என்று பார்த்தேன்.

கூலியிலிருந்து வருவது. வேலைக்காகப் போகிறவரின் நேரத்துக்கு அவர் சம்பளத்தையொட்டி ஒரு விலை, மற்றவர்களுக்கு அதில் ஒரு பங்கு. இருபது வருஷத்துக்கு முன் ஒரு மேம்பாலத் திட்டத்துக்காக நான் ரோட்டோரம் நின்று வண்டியை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறேன், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். படிவத்தில் பயண நோக்கம் என்று ஒரு கட்டம்: வேலை அல்லது மற்றவை. ஒரு பாட்டி, மடியில் தாம்பாளத்தை மூடி வைத்துக்கொண்டு, பேரனுக்குக் காது குத்து என்றார். 'மற்றவை' என்று போட்டேன். சாயங்காலம் மேற்பார்வையாளர் படிவங்களைத் தொகுக்கும்போது 'மற்றவை' எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, வேலைப் பயணத்தின் பங்கைக் கூட்டினார். கேட்டதற்கு 'ரேட் ஆப் ரிட்டர்ன் 12-ஐத் தாண்ட வேண்டாமா' என்றார். வந்தது 12.6 என்று நினைவு. 12.6 என்று முடிகிற அறிக்கையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

சம்பளத்தை வைத்து நேரத்துக்கு விலை போட்டால் காரில் போகிறவரின் 5 நிமிடம் பெரம்பூர்ப் பயணியின் 25 நிமிடத்தை எளிதாக வென்றுவிடும். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே 60 வைத்தேன். அது நியாயமா, கணக்கில் அரசியலைக் கலப்பதா என்று கேட்டால், எனக்குள்ளேயே முடிவாகவில்லை.

பெரம்பூர்க்காரன் | 2024 மார்ச் 31, இரவு 9.10

இழையைக் கிளப்புவதற்கு மன்னிக்கவும். கணக்குப்பிள்ளை 25 நிமிடம் என்று போட்டது குத்துமதிப்பு என்று திட்டலாம் என்றுதான் இந்த மாசம் இரண்டு தடவை வாட்ச் கட்டிக்கொண்டு போனேன். மாலை 4 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, ரயிலில் தாம்பரம், அங்கிருந்து பஸ், கிளாம்பாக்கம் வாசலில் கால் வைத்தபோது 5.50. பழைய வழியில் கோயம்பேடு போய்ப் பஸ் ஏறி அதே இடத்தைத் தாண்ட எனக்கு 1 மணி 45 நிமிடம் ஆகும். ஆக நஷ்டம் வெறும் 5 நிமிடம். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

திரும்பி வந்தது வேறு கதை. அம்மாவோடு விடிகாலை 2.40-க்கு வந்து இறங்கினோம். ஆட்டோவுக்குக் கேட்ட காசு திருச்சியிலிருந்து வந்த டிக்கெட்டை விட அதிகம். அம்மா வேண்டாம் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். விடிந்து கூட்டம் கிளம்பின பிறகு தாம்பரம் போய், ரயில் பிடித்து, வீடு சேர 6.30. கோயம்பேட்டில் இறங்கியிருந்தால் 4.30-க்குள் வீட்டில் இருப்போம். அது 2 மணி நேரம்.

கணக்குப்பிள்ளை | 2024 மார்ச் 31, இரவு 10.40

சராசரி 25 என்பது உங்கள் 5-ஐயும் அம்மாவின் 120-ஐயும் ஒரே பையில் போட்டுக் குலுக்கியது. ராத்திரி வந்து இறங்குகிறவர்களைத் தனி வரியாகப் பிரிக்க வேண்டும். எத்தனை பேர் 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் இறங்குகிறார்கள் என்று தெரிந்தால், ரயில் நிலையம் வரும்வரை அந்த நேரத்துக்கு மட்டும் வடக்கே எத்தனை பஸ் விட்டால் கட்டுப்படியாகும் என்றே சொல்லிவிடலாம். வண்டலூர்வாசி சார், நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

வண்டலூர்வாசி | 2024 ஏப்ரல் 1, காலை 6.15

தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் போடுகிறேன். சனிக்கிழமை ராத்திரி வருகிறேன், எண்ணுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். பெரம்பூர்க்காரர் வருவாரா?

பெரம்பூர்க்காரன் | 2024 ஏப்ரல் 1, காலை 6.22

வருவேன். திரும்பிப் போக ஆட்டோக் காசு யார் கொடுப்பது?